முகத்துக்கு வேண்டாம், கைக்கு வாங்குங்கள்

"டொக்டர், என் தோழி கொழும்பில் ஒரு அரசாங்க வைத்தியசாலையில் தாதி. அவளோடு வேலை செய்த மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுடைய கடமையையும் சேர்த்து இவள்தான் பார்க்கிறாள். வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இன்னொரு பிள்ளையோடு தங்கியிருக்கிறாள், அவளுடைய குடும்பம் எல்லாம் வவுனியாவில். போன வருடம் என் அம்மா வார்டில் இருந்தபோது இரவு முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான். அடுத்த மாதம் அவளுக்கு 35 வயது. கடையில் கண்ணுக்குக் கீழே பூசும் கிரீம், முகத்துக்கு மாஸ்க், குளியல் உப்பு எல்லாம் வைத்த அழகான பெட்டி ஒன்று பார்த்தேன். மேலே 'களைத்த சருமத்துக்கு' என்று எழுதியிருக்கிறது. 'இதைக் கொடுத்தால் அவளுக்கு மனம் நோகும்' என்கிறார் என் கணவர். 'எல்லாரும் என்னைப் பார்த்து களைச்சுப் போனாய் எண்டுதான் சொல்லுறாங்கள்' என்று அவள் ஒருநாள் சொன்னாள். கை கழுவிக் கழுவி விரலெல்லாம் அரம் மாதிரி ஆகிவிட்டது என்றும் சொல்லிச் சிரிப்பாள். 6000 ரூபாய் வரை செலவழிக்கலாம். தோலுக்கு எது நல்லது என்று நீங்கள் சொன்னால் வாங்குவேன்."
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொன்னது சரி. அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். மனம் நோகும் என்பது ஒரு காரணம். கண்ணுக்குக் கீழே பூசும் கிரீம் நாம் நினைக்கிற வேலையைச் செய்வதில்லை என்பது இன்னொரு காரணம். தோல் வைத்தியராக நான் இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றது தானாக விளங்கும்.

கண்ணுக்குக் கீழே கருமை இருந்தால் நித்திரை இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் நம்மைப் போன்ற மண்ணிறத் தோல் உள்ள பல பேருக்கு அது குடும்பத்தோடு வருவது. அந்த இடத்தில் நிறமி இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அம்மாவுக்கு இருந்திருக்கும், அம்மம்மாவுக்கு இருந்திருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் இருக்கும். வேறு சிலருக்கு இமைத் தோல் மிகவும் மெல்லியதாக இருப்பதால் அதன் கீழே உள்ள இரத்தக் குழாய்கள் ஊதா நிறமாகத் தெரியும். இன்னும் சிலருக்கு நிறமும் இல்லை, குழாயும் இல்லை. கன்னத்துக்கும் இமைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விழும் நிழல்தான் அது. பலரிடம் இவை கலந்தே இருக்கும். தும்மல், கண்கடி உள்ளவர்கள் கண்ணைக் கசக்கிக் கசக்கியே கருமையைக் கூட்டிக்கொள்வதும் உண்டு.

என்னிடம் வருபவர்களின் கீழ் இமைத் தோலை மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். இழுத்தாலும் கருமை அப்படியே தோலோடு நகர்ந்தால் அது நிறமி. இழுக்கும்போது ஊதா நிறம் கூடினால் குழாய். முகத்தை வெளிச்சத்துக்கு நேராக நிமிர்த்தச் சொல்வேன். அப்போது கருமை காணாமல் போனால் அது நிழல். நிழலுக்கு எந்தக் கிரீமைப் பூசுவது? குடும்பத்தோடு வந்த நிறமியைக் குறைக்கப் பல மாதங்கள் பிடிக்கும், அதையும் மேற்பார்வையோடுதான் செய்ய வேண்டும். கஃபீன் போட்ட கிரீம்கள் இரத்தக் குழாயைச் சிறிது நேரம் சுருக்கும், வீக்கத்தைக் கொஞ்சம் இறக்கும். பின்னேரத்துக்குள் எல்லாம் பழையபடி வந்துவிடும். நித்திரை குறைந்தால் இருக்கிற கருமை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அது உண்மை. ஆனால் நன்றாக நித்திரை கொண்டால் எல்லாம் மறைந்துவிடும் என்பது பலருக்குப் பொருந்தாது.

இதைப் படிப்பில் தெரிந்துகொள்வதற்கு முன்பே என் முகத்தில் தெரிந்துகொண்டேன். கொழும்புக்கு வெளியே ஒரு வைத்தியசாலையில் நான் பயிற்சி வைத்தியராக இருந்த வருடம். முப்பது மணித்தியாலம் தொடர்ந்து நின்ற நாட்கள் அவை. சொந்தத்தில் ஒரு அக்கா என் பிறந்தநாளுக்குக் கண்ணுக்குப் பூசும் கிரீம் ஒன்றைத் தந்தார். அன்போடு தந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "பாவம் பிள்ளை, முகம் எல்லாம் போட்டுது" என்று சொல்லித் தந்தார். அன்றுவரை நான் லிஃப்டில் ஏறினால் கைத்தொலைபேசியைத்தான் பார்ப்பேன். அன்றிலிருந்து லிஃப்ட் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கினேன். நோயாளியின் சொந்தக்காரர் என்னை உற்றுப் பார்த்தால், என் கண்ணுக்குக் கீழேதான் பார்க்கிறார் என்று நினைப்பேன். அந்தக் கிரீமில் ரெட்டினோல் இருந்தது. சீக்கிரம் பலன் கிடைக்கட்டும் என்று இரண்டு வேளையும் பூசினேன். ஐந்தாம் நாள் எரிந்தது, அப்புறம் தோல் உரிந்தது, உரிந்த இடம் முன்பைவிடக் கறுத்தது. நம் தோலின் இயல்பு அது. எங்கே எரிச்சல் வந்தாலும் ஆறும்போது கருமையை விட்டுவிட்டுப் போகும். பழைய நிறத்துக்கு வர நாலைந்து மாதங்கள் ஆயின. பழைய நிறம் என்றால் என் அம்மாவின் நிறம். இன்றும் எனக்கு அதே கருமை இருக்கிறது, நன்றாக நித்திரை கொண்டு எழும்பும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கிறது.

உங்கள் தோழி சொன்னதை இன்னொரு முறை கேளுங்கள். தன் கண்ணைப் பற்றி அவள் குறைப்படவே இல்லை. எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவள் குறை. அந்தப் பெட்டியை நீங்கள் கொடுத்தால், அப்படிச் சொல்பவர்களோடு நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள், அதுவும் பூக்கட்டுப் போட்ட கடதாசியில் சுற்றி.

பரிசு பார்க்கும்போது நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. எங்கள் கண்ணில் பட்டதற்கு வாங்குவதில்லை, அவர்கள் வாயில் வந்ததற்குத்தான் வாங்குவேன். முகம் வாடியிருக்கிறது என்பது நீங்கள் கண்டது. விரல் அரம் மாதிரி ஆகிவிட்டது என்பது அவள் சொன்னது. அதையும் சிரித்துக்கொண்டு, வேலையின் கதையாகச் சொல்லியிருக்கிறாள். கை காய்வது தாதி வேலையோடு வருவது என்று அவளுக்கும் தெரியும், வார்டில் எல்லாருக்கும் தெரியும். அங்கே வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆகவே கைக்கு வாங்குங்கள்.

கை ஏன் அப்படி ஆகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்பது அதிலிருந்துதான் வருகிறது. தோலின் மேலடுக்கில் செங்கல்லுக்கு நடுவே சீமெந்து போல ஒரு கொழுப்புப் படை இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடிப்பது அதுதான். சவர்க்காரம் அழுக்கோடு சேர்த்து அதையும் கரைத்துக்கொண்டு போகும். ஒரு நாளில் இருபது முறைக்கு மேல் கை கழுவுவதும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கையுறைக்குள் கை வேர்ப்பதும் ஈர வேலை என்ற கணக்கில் வரும். அந்த அளவு வேலையில் கை பழுதாகும் வாய்ப்பு அதிகம் என்று தொழில்சார் தோல் நோய்களைப் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் கோடு அது. உங்கள் தோழி அந்தக் கோட்டைக் காலைத் தேத்தண்ணிக்கு முன்பே தாண்டியிருப்பாள். வார்டில் இரவு பகலாக ஏசி ஓடினால் வறட்சி இன்னும் கூடும்.

ஆகவே அவளுக்குத் தேவை, போன கொழுப்புப் படையின் வேலையைச் செய்யும் ஒன்று. பாமசியில் கேட்டு வாங்குங்கள், பரிசுக் கடையில் தேடாதீர்கள். பரிசுக் கடையில் விற்கும் கைக் கிரீம் ரோஜா, லாவெண்டர், வனிலா என்று மணக்கும். வெடித்த தோலுக்கு வாசனைதான் முதல் எதிரி. கிரீம்களால் வரும் ஒவ்வாமைக்கு அடிக்கடி நாம் காணும் காரணங்களில் வாசனைப் பொருள் ஒன்று. பெட்டியில் 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'அன்சென்டட்' என்று மட்டும் இருந்தால் நம்பி வாங்க வேண்டாம். மூலப்பொருட்களின் மணத்தை அமுக்குவதற்கு வேறொரு வாசனையைச் சேர்த்தும் அப்படி எழுதலாம். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள பட்டியலில் 'பர்ஃப்யூம்' என்றோ 'ஃபிராக்ரன்ஸ்' என்றோ சொல் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். கிளிசரின், பெட்ரோலேட்டம், டைமெதிக்கோன் என்ற பெயர்கள் முன்னுக்கு இருந்தால் நல்லது. யூரியா போட்ட கிரீமும் சொரசொரப்பை நன்றாக இளக்கும், ஆனால் தோலில் வெடிப்பு இருந்தால் சுரீர் என்று எரியும். அவளுடைய கையை நீங்கள் வடிவாகப் பார்க்காதபடியால் இந்த முறை யூரியா வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். கைக் கிரீமிலும் 'வயதைக் குறைக்கும்', 'பொலிவூட்டும்', 'வெண்மையாக்கும்' என்று எழுதிய சாதிகள் உண்டு. அவற்றைத் தொடாதீர்கள். முகக் கிரீம் சொல்கிற குத்தலையே அவை கையைப் பார்த்துச் சொல்கின்றன. வெண்மையாக்கும் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் இருக்கும் கனத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் "கறுப்பி" என்று கூப்பிடப்பட்ட எத்தனையோ பெண்கள் நாற்பது வயதில் என் அறைக்கு வந்து அழுதிருக்கிறார்கள். தவிர, எங்கே செய்தது என்று தெரியாத வெண்மைக் கிரீம்களில் பாதரசமும், கடுமையான ஸ்டீரோய்டும் கலந்திருப்பதுண்டு. பரிசு என்ற பெயரில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? இங்கேதான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். ஒரு பெரியவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து கிரீமைப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். ஒரு கைக்கு முன்னும் பின்னும் பூச அது ஒன்று வேண்டும். இரண்டு கைக்கு ஒரு கிராம். கடமை முடிந்து வந்ததும், சாப்பிட்டு முடித்ததும், படுக்கும்போதும் என்று மூன்று தடவை பூசினால் நாளுக்கு 3 கிராம். பரிசுப் பெட்டிக்குள் வரும் அழகான 30 கிராம் டியூப் பத்து நாளில் முடிந்துவிடும். கை தேறுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும் என்பதால், தேறத் தொடங்கும் நேரத்தில் டியூப் காலியாகி இருக்கும். 100 கிராம் டியூப் ஒன்று ஒரு மாதம் தாண்டும். அப்படி இரண்டு வாங்குங்கள். ஒன்று அவளுடைய கைப்பைக்கு, ஒன்று கட்டில் பக்கத்துக்கு. போத்தலில் விரலை விட்டு எடுக்கும் வகையைவிட டியூப் நல்லது. வார்டுக்குக் கொண்டுபோனாலும் சுத்தமாக இருக்கும்.

அதோடு சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி ஒரு சின்னப் போத்தல், பருத்திக் கையுறை இரண்டு சோடி. படுக்கும்போது கிரீமைப் பூசி, வெடிப்பு உள்ள விரல் நுனிகளில் ஜெல்லியைத் தடவி, மேலே கையுறை போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் வித்தியாசம் தெரியும். கொழும்பு வெக்கைக்குக் கையுறை சிலருக்கு ஒத்துவராது. ஃபேனை முழு வேகத்தில் விட்டாலும் கை புழுங்கும். அப்படியானால் ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டுக் கழற்றினாலும் போதும். தாதிக்குக் கொடுப்பதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜெல்லி போன்ற எண்ணெய்ப் பொருட்கள் லேட்டக்ஸ் கையுறையைப் பலவீனப்படுத்தும். ஆகவே ஜெல்லி வீட்டுக்கு மட்டும். அவளுக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் போத்தலில் சின்னத் துண்டு ஒட்டி 'வீட்டுக்கு' என்று எழுதிவிடுங்கள், யோசிக்க வேண்டிய வேலை ஒன்று குறையும்.

தேங்காய் எண்ணெய் காணாதா என்று கேட்பீர்கள். வறண்ட கைக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், நானே சொல்வதுண்டு. ஆனால் கையில் பிசுபிசுப்போடு காலி வீதியில் பஸ் கம்பியைப் பிடிக்க முடியாது, சீருடையில் பட்டால் கறை போகாது. அதனால் யாரும் பகலில் பூசமாட்டார்கள். பூசாத மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன?

இப்போது இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கைக்கும் நோய் வந்த கைக்கும் வித்தியாசம் உண்டு. விரல்களுக்கு நடுவிலோ மோதிரத்துக்குக் கீழேயோ சிவந்திருந்தால், கடித்தால், சின்னக் கொப்புளம் வந்தால், வெடித்து இரத்தம் கசிந்தால், அது தொடுகையால் வரும் எக்ஸிமாவாக இருக்கலாம். வீட்டில் நின்ற நாட்களில் குறைந்து, கடமைக்குத் திரும்பியதும் கூடினால் வேலையில் உள்ள ஏதோ ஒன்றுதான் காரணம். சவர்க்காரமாக இருக்கலாம், கையுறை ரப்பராக இருக்கலாம். அதற்குக் கிரீம் மட்டும் போதாது, தோல் கிளினிக்கில் காட்ட வேண்டும், எந்தப் பொருள் ஒத்துவரவில்லை என்று அறியத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனையும் சிலவேளை செய்ய வேண்டிவரும். அதைத் தெரிந்துகொள்வதற்காக அவளுடைய கையைப் பிடித்துப் பிரட்டிப் பார்க்காதீர்கள். அடுத்த முறை தேத்தண்ணி குடிக்கும்போது அவளே கையைச் சொறிகிறாளா, கறிக்கு எலுமிச்சம்பழம் பிழியும்போது முகம் சுளிக்கிறாளா என்று பார்த்தால் போதும். அப்படி இருந்தால் பரிசை வேறு விதமாக வைத்துக்கொண்டு, பிறந்தநாள் கழிந்து இன்னொரு நாள், அவள் கையைப் பற்றித் தானாகக் கதைக்கும்போது கிளினிக்கைச் சொல்லுங்கள். பிறந்தநாளில் நோயைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

மற்றச் சாமான்களையும் நீங்கள் யோசித்திருப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. குளியல் உப்பும், தண்ணீரில் நுரைக்கும் உருண்டையும் குளியல் தொட்டி உள்ள வீடுகளுக்குச் செய்தவை. வெள்ளவத்தை அனெக்ஸில் இருப்பது ஷவரும் வாளியும். ஒரு வருடம் அலுமாரிக்குள் கிடந்து கட்டிபட்டு, கடைசியில் குப்பைக்குப் போகும். ஸ்பா கூப்பன் நல்ல பரிசு போலத்தான் தெரியும். ஆனால் அதற்கு நேரம் பதிய வேண்டும், தவணை முடிவதற்குள் போக வேண்டும், முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். கடமைப் பட்டியல் கடைசி நேரத்தில் மாறுகிற ஒரு தாதிக்கு அது இன்னொரு கடமை. தவணை முடிந்த கூப்பனை மேசை லாச்சியில் வைத்துக்கொண்டு, கொடுத்தவர் கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். செடி, தியானக் குறிப்பேடு, புதுப்புதுச் சமையல் சாமான் எல்லாம் இதே கணக்குத்தான். அவளிடம் இல்லாத நேரத்தைக் கேட்கிற பரிசு வேண்டாம்.

கால் நோகிறது என்று அவள் எப்போதாவது சொல்லியிருந்தால் மட்டும், கால் முழுவதும் வைக்கக்கூடிய ஒரு நல்ல பிளாஸ்டிக் பேசின் சேர்க்கலாம். விசேடமான உப்பு ஒன்றும் தேவையில்லை, வேலை செய்வது இளஞ்சூட்டுத் தண்ணீர்தான். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுகமாக இருக்க வேண்டும், ஏறத்தாழ 40 பாகை. பத்து நிமிடம் போதும். படுப்பதற்கு ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு முன் காலைச் சூடாக்கினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பின் உள்ளே இருக்கும் சூடு வெளியேறும், நித்திரை சுலபமாக வரும். ஒரு கேத்தல் வெந்நீரும் குழாய்த் தண்ணீரும் கலந்தால் கிடைத்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமல் சுட்டுவிடும்.

டியூப் இரண்டு, ஜெல்லி, கையுறை எல்லாம் வாங்கினாலும் உங்கள் 6000 ரூபாயில் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மிச்சத்தில் சாப்பாடு வாங்குங்கள். இன்னும் நல்லது, சமையுங்கள். உங்கள் அம்மா இப்போது தேறியிருந்தால் அவரையே சமைக்கச் சொல்லுங்கள். இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது அவளுக்கு வவுனியா வீட்டை நினைவுபடுத்தும் எதுவோ. அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் தன்னுடையதில் பாதியைக் கொடுத்துவிட்டு இவள் அரை வயிற்றோடு படுப்பாள். திருப்பித் தர வேண்டிய பாத்திரத்தில் அனுப்பாதீர்கள். கழுவி, பையில் போட்டு, கொண்டுவந்து தருவது அவளுக்கு வேலை. அதைவிட, மறுபடியும் கையைச் சவர்க்காரத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை பாவித்து எறியக்கூடிய பெட்டி போதும். வாழையிலை கிடைத்தால் இன்னும் வடிவு.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில் கவனமாக இருங்கள். "உன்னைக் கொஞ்சம் கவனி", "நல்லா ஓய்வெடு", "உனக்கு இது தேவை" என்ற வசனங்களை விட்டுவிடுங்கள். ஓய்வெடுக்க முடிந்திருந்தால் அவள் எடுத்திருப்பாள். ஆள் இல்லாத வார்டு அவளுடைய குற்றம் இல்லை, ஆனால் அந்த வசனங்கள் அதை அவளுடைய கவனக்குறைவு மாதிரி ஆக்கிவிடும். உங்களிடம் எழுத அதைவிட நல்ல விஷயம் இருக்கிறது. உங்கள் அம்மாவின் பக்கத்தில் அவள் நின்ற இரவு. அதை எழுதுங்கள். "போன வருசம் அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட கைக்கு" என்று, நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதலாம். இப்படி எழுதினால் அந்த கிரீம் குறைக்கு மருந்தாகத் தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட முடிந்தால் கீழே போடச் சொல்லுங்கள்.

கொடுக்கும் நேரமும் முக்கியம். இரவுக் கடமை முடிந்து காலையில் வந்து படுத்தவளைப் பத்து மணிக்கு அழைப்புமணி அடித்து எழுப்பாதீர்கள். அறைப் பிள்ளையிடம் கடமைப் பட்டியலைக் கேளுங்கள். அவள் எழும்பியிருக்கக்கூடிய பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கு, மறுநாள் கடமை இல்லாத நாளாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். நித்திரையாக இருந்தால் பையை அறைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். "பையைக் குடுத்திட்டுப் போறன், பதில் போடாதை, சாப்பாட்டைச் சூடாச் சாப்பிடு" என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும். எழும்பியிருந்து உள்ளே கூப்பிட்டால் போங்கள், இருந்து கதையுங்கள். கையைத் தந்தால் பிடியுங்கள், கிரீம் பூசினாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.